குழாய்த் தண்ணீர் நேரத்துக்கு நினைவூட்டல் அமைப்பது: தாங்கி நிரம்பவும் மோட்டர் நேரத்துக்கு நிற்கவும்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் விடியப்புறம் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெளிக்கிடும் நேரத்தோடு நின்றுவிடும். வளவுக்குள் நிலத்தோடு ஒரு சீமெந்துத் தாங்கி, கூரைக்கு மேலே 1000 லீட்டர் பிளாஸ்டிக் தாங்கி, இரண்டுக்கும் நடுவில் அரைக் குதிரைவலு மோட்டர். ஊரில் பல வீடுகளில் இதே அமைப்புத்தான். கந்தளாயிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் மேட்டு நிலத்தை எட்டும்போது அழுத்தம் குறைந்துவிடுகிறது. பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு முதலில் வந்து கடைசியில் நிற்கும். மேட்டில் இருப்பவர்களுக்குப் பிந்தி வந்து முந்தி நிற்கும். அதனால்தான் கீழே சேர்த்து வைத்து மேலே ஏற்றுகிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மோட்டர் கெட்டது அலாரம் வைக்காததால் என்று நினைத்துவிடாதீர்கள். அலாரம் இருந்தது. தினமும் பின்னேரம் ஆறரைக்கு "மோட்டரை நிறுத்து" என்று அடிக்கும். ஆறே காலுக்கு மோட்டரைப் போடுவேன், ஆறரைக்கு அலாரம் அடிக்கும், நிறுத்துவேன். அன்றைக்கு வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். அலாரம் அடித்தபோது மோட்டரைப் போட்டிருக்கவே இல்லை. அலாரத்தை நிறுத்திவிட்டு, 6.40க்கு நினைவு வந்து மோட்டரைப் போட்டேன். அதற்குப் பிறகு நினைவுபடுத்த ஒன்றுமில்லை. வந்தவர்களை வழியனுப்பித் திரும்பும்போது 8.10. மேல் தாங்கி பத்து நிமிடத்தில் நிரம்பி, வழிந்த தண்ணீர் பீலி வழியாக வீட்டின் பின்பக்கம் போயிருக்கிறது. இருட்டில் யாருக்கும் கேட்கவில்லை. கீழ்த் தாங்கியில் இருந்த மிச்சத் தண்ணீரும் இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் அப்படியே மேலேறி வழிந்து போய்விட்டது. மீதி ஒரு மணித்தியாலம் மோட்டர் வெறுமையில் ஓடியிருக்கிறது.

மேல் தாங்கி வழிவதைத்தான் எல்லோரும் இழப்பு என்று நினைக்கிறோம். நிலத்துத் தாங்கி உள்ள வீட்டில் உண்மையான சேதம் அதற்கு அடுத்த கட்டத்தில் நடக்கிறது. மோட்டருக்குள் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் என்ற வளையத்தைக் குளிர வைப்பதும் வழுக்க வைப்பதும் மோட்டர் வழியாகப் போகும் தண்ணீர்தான். தண்ணீர் நின்றதும் சீல் சூடேறித் தேய்கிறது. பிளாஸ்டிக் விசிறி உள்ள மோட்டரென்றால் அது வளையவும் செய்யும். அடுத்த நாள் மோட்டர் ஓடும், ஆனால் தண்டைச் சுற்றித் தண்ணீர் சொட்டும். எனக்கு நடந்தது அதுதான்.

அதிலிருந்து நான் விளங்கிக்கொண்ட ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும். தண்ணீர் வருவதற்கான நினைவூட்டலும் மோட்டரை நிறுத்துவதற்கான நினைவூட்டலும் இரண்டு வேறு சாதிகள். முதலாவது கடிகாரத்தோடு கட்டப்பட வேண்டும். இரண்டாவது சுவிச்சைப் போட்ட கணத்தோடு கட்டப்பட வேண்டும். நான் இரண்டையும் கடிகாரத்தோடு கட்டியிருந்தேன்.

முதலில் ஒரு வாரம் எழுதி வையுங்கள்

"எங்களுக்கு அஞ்சு மணிக்கு வரும்" என்று அக்கம்பக்கம் சொல்வதை வைத்து அலாரம் வைக்க வேண்டாம். ஒரே ஒழுங்கையில் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் வித்தியாசம் இருக்கும். ஏழு நாளைக்கு, உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரு கலண்டர்த் தாளில் குறியுங்கள். தொடங்கும் நேரத்தைப் பிடிக்க இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை. கீழ்த் தாங்கிக்குள் விழும் குழாய் வாய்க்கு நேர் கீழே ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் விழும் சத்தம் அறைக்குக் கேட்கும். அதற்கு முன் குழாயிலிருந்து காற்று சீறும் சத்தமும் வரும். தண்ணீர் வருவதற்கு அதுதான் முன்னறிவிப்பு.

என் தாளில் இப்படி இருந்தது: தொடக்கம் 4.35, 4.50, 4.40, ஒரு நாள் வரவில்லை, 5.15, 4.40, 4.45. முடிவு 7.20க்கும் 7.45க்கும் நடுவில். இதில் சராசரி எடுத்துப் பிரயோசனம் இல்லை. எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு எண்கள்தான்: மிகப் பிந்தி வந்த நேரம் 5.15, மிக முந்தி நின்ற நேரம் 7.20. இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நம்பக்கூடிய நேரம். அதற்கு வெளியே கிடைக்கும் தண்ணீர் மேலதிகம், அலாரத்தின் நேரத்தைத் தீர்மானிக்க அதைக் கணக்கில் வைக்கக் கூடாது.

தண்ணீர் வராத நாளையும் விடாமல் குறியுங்கள். குழாய் உடைப்பு, திருத்த வேலை என்று நிறுத்தும் நாட்களில் நீர் வழங்கல் சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். நான் அலாரத்தின் பெயரிலேயே அந்த இலக்கத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். நித்திரைக் கலக்கத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று அளவுகள்: ஒரு தடி, ஒரு வாளி, ஒரு கடிகாரம்

சரி, நேரம் தெரிந்துவிட்டது. இனித் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் மேலேறுகிறது என்பது தெரிய வேண்டும். மோட்டரின் தகட்டில் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் விட்டால் கிடைக்கும் உச்ச அளவு அது. உங்கள் கூரை உயரத்துக்கும் குழாயின் வளைவுகளுக்கும் அது பாதியாகக்கூடக் குறையலாம்.

கீழ்த் தாங்கியின் நீளத்தையும் அகலத்தையும் உள்பக்கமாக அளந்துகொள்ளுங்கள். எங்களது ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். நீளம், அகலம் இரண்டையும் பெருக்கினால் ஒன்றரைச் சதுர மீட்டர். அதனால் தண்ணீர் மட்டம் ஒரு சென்ரிமீட்டர் இறங்கினால் 15 லீட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். நிரம்பினால் 1800 லீட்டர். ஆனால் உறிஞ்சும் குழாயின் அடி வால்வு தரையிலிருந்து 15 சென்ரிமீட்டர் மேலே நிற்கிறது. அதற்குக் கீழே உள்ள 225 லீட்டரை மோட்டரால் எடுக்க முடியாது. ஒரு தடியில் சென்ரிமீட்டர் கோடுகள் போட்டு, அந்த 15வது கோட்டைச் சிவப்பால் அடித்துத் தாங்கியோடு வைத்திருக்கிறேன்.

குழாயில் வரும் வேகத்துக்கு 10 லீட்டர் வாளி போதும். எங்களுக்கு விடிய 5 மணிக்கு வாளி நிறைய 50 செக்கன். அதாவது நிமிடத்துக்கு 12 லீட்டர். ஏழு மணியளவில் அதே வாளிக்கு 75 செக்கன் பிடித்தது. அப்போது நிமிடத்துக்கு 8 லீட்டர்தான். எல்லா வீடுகளும் எழும்பிக் குழாயைத் திறக்கும் நேரம் அது, அழுத்தம் இறங்கும். ஒரு தடவை மட்டும் அளந்தவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

மோட்டரின் வேகத்தை அளப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வராத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் வந்துகொண்டும் மறுபக்கம் போய்க்கொண்டும் கணக்குக் குழம்பும். மேல் தாங்கியில் இடம் இருக்கும்போது தடியை வைத்து மட்டத்தைப் பார்த்து, மோட்டரைச் சரியாகப் பத்து நிமிடம் ஓட்டி, மறுபடி பாருங்கள். எங்களது 20 சென்ரிமீட்டர் இறங்கியது. 300 லீட்டர், ஆக நிமிடத்துக்கு 30 லீட்டர்.

மேல் தாங்கி 1000 லீட்டர் என்று எழுதியிருந்தாலும் வழியும் குழாய் மூடிக்குக் கீழேதான் இருக்கும். எங்களதில் ஏறக்குறைய 950 லீட்டரிலேயே வழியத் தொடங்குகிறது.

மோட்டரை எப்போது போடுவது: ஒரு விடியலின் கணக்கு

கீழ்த் தாங்கிக்கு மிதவை வால்வு இருந்தால் தண்ணீர் தானாக நிரம்பித் தானாக நிற்கும். அப்படியென்றால் விடிய எழும்பவே வேண்டாமே என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு சாதாரண நாள் விடிய எங்கள் கீழ்த் தாங்கியில் 900 லீட்டரும் மேல் தாங்கியில் 350 லீட்டரும் மிச்சம் இருக்கும். மேலே 600 ஏற்ற வேண்டும், கீழே இன்னும் 900 பிடிக்கும். மொத்தம் 1500 லீட்டர் உள்ளே வர வேண்டும். 4.45க்கு வந்து 7.20க்கு நின்றால் 155 நிமிடம். நிமிடத்துக்குச் சராசரி பத்து லீட்டர் என்றால் 1550. மட்டுமட்டாகப் போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, மிதவை வால்வு இடையில் மூடிக்கொள்ளக் கூடாது.

நான் 6.45க்கு எழும்பி மோட்டரைப் போட்டால் என்ன நடக்கும்? கீழ்த் தாங்கி 6.10 அளவிலேயே 1800ஐத் தொட்டு வால்வு மூடிவிடும். அதற்குப் பிறகு 35 நிமிடம் வந்திருக்கக்கூடிய தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. 6.45இலிருந்து 7.05 வரை 600 லீட்டர் மேலே போகும், அதே நேரம் 160 லீட்டர் கீழே வரும், 7.20 வரை இன்னும் 120. ஆக, தண்ணீர் நிற்கும்போது கீழ்த் தாங்கியில் 1480 லீட்டர்தான். 320 லீட்டர் குறைவு. மறுநாள் தண்ணீர் வராவிட்டால் அந்த 32 வாளியின் அருமை தெரியும்.

5.20க்கே மோட்டரைப் போட்டால்? அந்த நேரம் கீழே 1300 லீட்டர் வரை சேர்ந்திருக்கும். இருபது நிமிடத்தில் 600 மேலே போய், 240 வந்து, 5.40க்கு 940 ஆகும். அதிலிருந்து 7.20 வரை நூறு நிமிடம், வேகம் குறைந்துகொண்டே போனாலும் ஏறக்குறைய 1000 லீட்டர் வரும். கீழ்த் தாங்கியும் நிரம்பிவிடும். இரண்டு தாங்கியும் நிறைய, குழாய் நிற்கிறது.

அதனால் முதல் நினைவூட்டலின் நேரம் 5.20. மிகப் பிந்தி வந்த 5.15க்கு ஐந்து நிமிடம் பின்னால். அலாரம் அடிக்கும்போது தண்ணீர் வந்துகொண்டிருக்க வேண்டும், வராமல் இருந்தால் அன்றைக்கு ஏதோ பிரச்சினை என்று உடனே தெரிய வேண்டும். 4.30க்கு அலாரம் வைத்து எழும்பிக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஒரு கிழமையில் அலாரத்தையே அழித்துவிடுவார்கள்.

உங்கள் தாங்கிகளும் வேகமும் வேறாக இருக்கும். ஆனால் கேள்வி ஒன்றுதான்: மோட்டர் ஓடி முடிந்த பிறகு, கீழ்த் தாங்கி மறுபடி நிரம்பப் போதிய நிமிடங்கள் மிச்சம் இருக்கின்றனவா? இருக்கும்படி பின்னோக்கி எண்ணி வாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீழ்த் தாங்கி இல்லாமல் மீட்டருக்குப் பின்னாலேயே மோட்டரை இணைத்து நேராகக் குழாயிலிருந்து உறிஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அனுமதிக்கப்படாத வேலை. அடுத்த வீட்டுத் தண்ணீரை இழுப்பதோடு, குழாயில் எங்காவது கசிவு இருந்தால் வெளி அழுக்கையும் உள்ளே இழுக்கும். அப்படிப்பட்ட இணைப்புக்கு நான் நேரக் கணக்குச் சொல்லப் போவதில்லை.

போனில் வைப்பது

தினமும் தண்ணீர் வரும் வீட்டுக்கு விடியல் நினைவூட்டல் எளிது. போனின் Clock செயலியில் 5.20க்கு அலாரம், எல்லா நாளும் திரும்ப அடிக்கும்படி. Label என்ற இடத்தில் செய்ய வேண்டியதை முழுதாக எழுதுங்கள்: "தண்ணீர் வருகிறதா பார், மேல் தாங்கியைத் தட்டிப் பார், மோட்டர் போடு. வராவிட்டால் 1939." வெறுமனே "தண்ணீர்" என்று எழுதினால் பாதி நித்திரையில் கையே அதை நிறுத்திவிடும். Silence after என்ற அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். சில போன்களில் குறிப்பிட்ட நிமிடங்கள் அடித்துவிட்டு அலாரம் தானாக அடங்கிவிடும்.

ஒன்றுவிட்ட ஒரு நாள் தண்ணீர் வரும் இடங்களில்தான் சிக்கல். திங்கள், புதன், வெள்ளி என்று அலாரம் வைத்தால் முதல் கிழமை சரியாக இருக்கும். அடுத்தது ஞாயிறு, அதற்கடுத்தது செவ்வாய். இரண்டாம் கிழமையில் அலாரம் அடிக்கும் நாள் எல்லாம் தண்ணீர் இல்லாத நாள். கிழமைக்கு ஏழு நாள் என்பதால் வரும் வினை இது. ஒற்றைத் தேதி, இரட்டைத் தேதி என்று வைத்துக்கொண்டாலும் 31ஆம் தேதிக்கு அடுத்து 1ஆம் தேதி வரும்போது குழம்பும்.

இதற்கு Google Calendar உதவும். ஒரு நிகழ்வை உருவாக்கி, திரும்ப வருவதை Custom என்று தெரிவுசெய்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று வையுங்கள். ஆனால் அதையே விடிய 5.20க்கு வைக்காதீர்கள். கலண்டர் அறிவிப்பு ஒரு தடவை "டிங்" என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும், போன் சைலன்டில் இருந்தால் அதுவும் கேட்காது. அலாரத்துக்குத் தனிச் சத்த அளவு உண்டு, பொதுவாகச் சைலன்டிலும் அடிக்கும். நான் சொல்லும் வழி: கலண்டர் அறிவிப்பு முதல்நாள் இரவு 9 மணிக்கு வரட்டும், "நாளைக்குத் தண்ணீர், 5.20 அலாரத்தைப் போடு" என்று. நித்திரைக்குப் போகும் முன் அலாரத்தை ஒரு தட்டுத் தட்டி இயக்கிவிடலாம். இரண்டு கட்டம்தான், ஆனால் தவறுவதில்லை. திருத்த வேலையால் முறை மாறினால் கலண்டரில் தொடக்க நாளை ஒன்று தள்ளினால் போதும்.

மோட்டருக்கு அலாரம் வேண்டாம், டைமர்

இனி முக்கியமான பகுதி. மோட்டரை நிறுத்துவதற்கு அலாரத்தைப் பாவிக்கவே கூடாது என்பது என் கருத்து. Clock செயலியில் Timer என்று தனியாக இருக்கிறது. அது நீங்கள் தொடங்கிய கணத்திலிருந்து எண்ணும். ஆறே காலுக்குப் போட்டாலும் ஏழுக்குப் போட்டாலும் அதற்குக் கவலையில்லை.

ஒழுங்கு இதுதான்: முதலில் டைமரைத் தொடங்கு, பிறகு சுவிச்சைப் போடு. மாறிச் செய்தால், சுவிச்சைப் போட்டதும் யாராவது கூப்பிடுவார்கள், டைமர் மறந்துபோகும். டைமர் தொடங்கிச் சுவிச்சைப் போட மறந்தால் ஒரு நட்டமும் இல்லை. வீண் சத்தம் ஒன்று கேட்கும், அவ்வளவுதான்.

எத்தனை நிமிடம் வைப்பது? மேல் தாங்கியில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. பிளாஸ்டிக் தாங்கியை வெளியிலிருந்து விரலால் தட்டினால் தண்ணீர் உள்ள இடத்தில் மந்தமாகவும் வெறுமையான இடத்தில் கணீரென்றும் கேட்கும். ஏணியில் ஏற முடியாதவர்கள் தாங்கியின் அடியிலிருந்து ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை வெளியே நிமிர்த்திக் கட்டினால் மட்டம் கீழிருந்தே தெரியும். பாசி பிடித்தால் மாற்ற வேண்டும், விலையும் பெரிதாக இல்லை.

எங்கள் மோட்டர் சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாள் இது:

கால் தாங்கி இருந்தால்: 21 நிமிடம்
அரைத் தாங்கி இருந்தால்: 13 நிமிடம்
முக்கால் தாங்கி இருந்தால்: 5 நிமிடம்

கால் தாங்கி என்றால் 250 லீட்டர் இருக்கிறது, 950க்கு இன்னும் 700. அதை முப்பதால் வகுத்தால் 23 நிமிடம். அதில் இரண்டைக் குறைத்திருக்கிறேன். அடுக்களையிலிருந்து சுவிச்சுக்கு நடந்து வர ஒரு நிமிடம், "இதோ வாறன்" என்பதற்கு இன்னொரு நிமிடம். 60 லீட்டர் குறைவாக நிரம்புவதால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. மட்டம் எதுவென்று சந்தேகமாக இருந்தால் குறைந்த நிமிடத்தையே வையுங்கள். டைமர் அடித்த பிறகு மேலும் ஐந்து நிமிடம் ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் டைமரைத் திரும்ப வைத்துவிட்டுத்தான்.

அடித்த டைமரை எங்கே நின்று நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். எங்கள் வீட்டுச் சட்டம்: ஒரு கை சுவிச்சில் இருக்கும்போதுதான் மறு கை டைமரை நிறுத்தலாம். கதிரையில் இருந்தபடி சத்தத்தை அடக்கிவிட்டு "பிறகு போவம்" என்றவர்களின் தாங்கிகள்தான் வழிகின்றன.

போன் பழக்கமில்லாதவர்களுக்குச் சமையலறை டைமர், அந்த முறுக்கி விடும் வட்டமானது, போனைவிட நல்லது. பக்கத்து வீட்டு மாமி அதை நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு முற்றம் கூட்டுகிறார். முதலில் சிரித்தேன். ஆனால் அடுக்களையில் வைத்துவிட்டு வந்த டைமர் கிணற்றடிக்குக் கேட்காது என்பது அவருக்கு என்னைவிட முதலிலேயே விளங்கியிருக்கிறது. முன்பெல்லாம் மதிலுக்கு மேலால் "பிள்ளை, டேங்க் வழியுது, மோட்டரை நிப்பாட்டுங்கோ!" என்று கூப்பிடுவதும் அவர்தான்.

யாருடைய போனில்?

போட்டவர்தான் நிறுத்த வேண்டும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் "மோட்டர் போட்டிருக்கு, 5.40க்கு நிறுத்துங்கோ" என்று எழுதினால் நான்கு பேர் பார்த்து, நான்கு பேரும் மற்றவர் நிறுத்துவார் என்றிருப்பார்கள். வெளியே போக நேர்ந்தால் ஒன்றில் மோட்டரை நிறுத்திவிட்டுப் போங்கள், அல்லது இருப்பவரிடம் வாயால் சொல்லி, அவர் தன் போனில் மிச்ச நிமிடத்துக்கு டைமர் வைக்கும்வரை நில்லுங்கள். டைமர் ஓடும் உங்கள் போனோடு சந்தைக்குப் போனால், அது சரியான நேரத்துக்குத்தான் அடிக்கும், மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது.

நினைவூட்டல் சரியாக அடித்தும் தவறுவது

மோட்டரைப் போட்டு ஒரு நிமிடத்துக்குள் மேல் தாங்கியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் அடி வால்வில் குப்பை சிக்கி, குழாயில் நின்ற தண்ணீர் இரவில் கீழே இறங்கிக் காற்றுப் புகுந்திருக்கும். மோட்டர் இரைந்துகொண்டு வெறுமையில் சுற்றும். டைமர் 21 நிமிடம் கழித்து அடிக்கும், நீங்கள் வந்து நிறுத்துவீர்கள், தாங்கி அப்படியே இருக்கும், சீலும் போயிருக்கும். சந்தேகமாக இருந்தால் மேலே போகும் குழாயில் கையை வைத்துப் பாருங்கள், தண்ணீர் ஓடும் குழாய் குளிர்ந்து இலேசாக அதிரும்.

வழக்கமான நிமிடத்துக்குத் தாங்கி நிரம்பாமல் குறைந்துகொண்டே வந்தால் அதுவும் ஒரு சேதி. ஒரு மாதத்துக்கு முன் 13 நிமிடத்தில் நிரம்பியது இப்போது 17 எடுக்கிறதென்றால் அடி வால்வின் சல்லடை அடைத்திருக்கிறது, அல்லது உறிஞ்சும் குழாயின் பொருத்தில் காற்று இழுக்கிறது. டைமர் வைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இது மோட்டர் நிற்கும் நாளில்தான் தெரியவரும்.

மின்வெட்டு வேறு விதமாக ஏமாற்றும். 2022இல் ஆங்கில எழுத்து வலயங்களாகப் பிரித்து மின்சாரத்தை வெட்டிய மாதங்கள் நினைவிருக்கும். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டைமர் எண்ணிக்கொண்டேயிருக்கும். அது அடித்து முடிந்த பிறகு கரண்ட் வந்து, போட்டபடி இருக்கும் சுவிச்சால் மோட்டர் தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் போனதும் மோட்டர் சுவிச்சைக் கையால் நிறுத்துவதைத் தவிர இதற்கு நினைவூட்டல் மருந்து கிடையாது.

மனிதர் மறந்தாலும் நிறுத்துவது

நினைவூட்டலுக்குப் பின்னால் ஒரு காவல் இருப்பது நல்லது. பிளக்கில் சொருகும் டைமர்கள் கடைகளில் கிடைக்கின்றன. சுற்றிலும் பல்லுகள் உள்ள வட்ட டைமர் கால் மணித்தியாலத் துண்டுகளாகத்தான் வேலை செய்யும். கரண்ட் போன அளவு நேரத்துக்கு அதுவும் நின்று, பிந்திப் போகும். ஒரு மணித்தியால மின்வெட்டு வந்தால் அடுத்த நாளிலிருந்து எல்லாம் ஒரு மணித்தியாலம் பிந்தும். உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் டைமரில் இந்தக் குறை இல்லை. ஆனால் மோட்டர் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு. மலிவான டைமரின் உள் தொடுகைகள் அதில் உருகி ஒட்டிவிடலாம். ஒட்டினால் அது போட்டபடியே இருக்கும், நிறுத்தாது. திரையில் OFF என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இதை மட்டும் நம்பிக் கதவைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

என் பணத்தை நான் மிதவை சுவிச்சில் போட்டேன். மேல் தாங்கிக்குள் ஒன்று, தண்ணீர் உயர்ந்ததும் வெட்டும். கீழ்த் தாங்கிக்குள் இன்னொன்று, சிவப்புக் கோட்டுக்கு இறங்கும் முன் வெட்டும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் இணைத்தால், எது வெட்டினாலும் மோட்டர் நிற்கும். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் கீழ்த் தாங்கிக்குப் போடுங்கள். மேலே வழிந்தால் போவது தண்ணீர், கீழே வற்றினால் போவது மோட்டர். தண்ணீருக்குள் மின்கம்பி இறங்கும் வேலை என்பதால் எலக்ட்ரீசியனைக் கொண்டே செய்வியுங்கள். வீட்டின் டிரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் TEST பொத்தானை அழுத்தி முதலில் பாருங்கள்.

மிதவை சுவிச் போட்ட பிறகும் டைமரை நான் விடவில்லை. மிதவையின் கம்பி குழாயில் சிக்கினால் அது உயரவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. மாதத்துக்கு ஒருமுறை, மோட்டர் ஓடும்போது மேல் மிதவையைக் கையால் தூக்கி, மோட்டர் நிற்கிறதா என்று பார்க்கிறேன். அந்த நாளுக்கும் கலண்டரில் ஒரு நினைவூட்டல் இருக்கிறது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணறுகள் வற்றி உவர்க்கத் தொடங்க, ஊர் முழுக்கக் குழாயை நம்பும். வாளி நிறைய 50 செக்கன் எடுத்தது அப்போது 70, 80 எடுக்கலாம், தண்ணீர் வரும் நேரமும் நகரலாம். மாரி தொடங்கியதும் திரும்ப மாறும். அதனால் வைகாசியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் அந்த ஒரு வாரத் தாளைப் புதிதாக எழுதி, வாளியை மறுபடி குழாயடியில் வைத்து, 5.20ஐ அழித்துவிட்டுக் கணக்கு எந்த நேரத்தைச் சொல்கிறதோ அதைப் போடுகிறேன். போன கச்சானில் அது 4.50 ஆகியிருந்தது.